ஒரே ஆர்டரில் இரண்டு ரிட்டர்ன்: திருப்பி அனுப்பும் கட்டணம் யார் தலையில்?

வாசகர் கடிதம்

"பாம்பன் பக்கம் கடலோரக் கிராமம் எங்களுக்கு. வீட்டுக்காரர் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறார். ஒரு கம்பெனியின் இணையக் கடையில் ஒரே ஆர்டரில் தலையில் மாட்டும் லைட் ஒன்றும் (1,450 ரூபாய்) மழைக்கோட்டு ஒன்றும் (890 ரூபாய்) வாங்கினேன். டெலிவரிக்கு 80 ரூபாய். மொத்தம் 2,420-ஐ யுபிஐயில் கட்டினேன். லைட் IPX7 வாட்டர் ப்ரூஃப் என்று கடையில் போட்டிருந்தது. முதல் ராத்திரியே தென்கடலில் அலை அடித்து உள்ளே தண்ணீர் போய்விட்டது. பிறகு பெட்டியைப் பார்த்தால் IPX4 என்று அச்சடித்திருக்கிறது. மகள் அதைப் படம் எடுத்து வைத்திருக்கிறாள். மழைக்கோட்டு நல்லதுதான், நிறம்தான் அவருக்குப் பிடிக்கவில்லை. பிரிக்காமல் வைத்திருந்தோம். இரண்டையும் திருப்பி அனுப்பினேன். காரணம் கேட்ட இடத்தில் சீக்கிரம் முடியட்டும் என்று இரண்டுக்கும் 'Changed my mind' என்று அழுத்திவிட்டேன். கொரியர் தம்பி ஒரே பையில் போட்டு எடுத்துப் போனார். பணம் 1,300, 740 என்று இரண்டு தடவையாக வந்தது. 380 ரூபாய் குறைகிறது. ஏழு நாளுக்குள் திருப்பினால் முழுப் பணமும் தர வேண்டும் என்பதுதானே சட்டம்? 380-ஐயும் கேட்டு வாங்க முடியுமா?"

வழக்கறிஞரின் பதில்

அன்புச் சகோதரிக்கு,

உங்களுக்கு வர வேண்டிய பணம் இருக்கிறது. ஆனால் என் கணக்கில் அது 380 அல்ல, ஏறக்குறைய 200 ரூபாய். அந்த 200-ஐ உறுதியாகக் கேட்க வேண்டுமானால், மீதி 180-ஐ ஏன் கேட்க முடியாது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நியாயமான கோரிக்கையோடு நியாயமில்லாத ஒன்றைச் சேர்த்துக் கேட்டால், கடைக்காரர் இரண்டாவதைக் காட்டி முதலாவதையும் தட்டிக்கழித்துவிடுவார். இத்தகைய புகார்களில் நான் அடிக்கடி காண்பது இதுதான்.

ஏழு நாள் என்பது சட்டமா, கடையின் வாக்குறுதியா?

ஏழு நாள், பத்து நாள் என்று கடைகள் தரும் அவகாசம் நம் நாட்டில் சட்டம் வகுத்தது அல்ல. அந்தந்தக் கடை தானாக முன்வந்து தரும் சலுகை. ஐரோப்பிய நாடுகளில் இணையத்தில் வாங்கிய பெரும்பாலான பொருள்களைப் பதினான்கு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. அதைப் படித்தவர்கள் பகிர்ந்த செய்திகள் இங்கும் சுற்றுவதால், நமக்கும் அப்படி ஒரு சட்டம் இருப்பதாகப் பலரும் நம்புகிறார்கள். அங்கும்கூட, மனம் மாறித் திருப்புகிறவர்தான் திரும்ப அனுப்பும் செலவைப் பெரும்பாலும் ஏற்க வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், அதன் கீழ் 2020-இல் வந்த மின்வணிக விதிகளும் வேறு வகையில் உங்களைக் காக்கின்றன. பொருள் குறைபாடுடையதாகவோ போலியாகவோ இருந்தாலும், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாமல் இருந்தாலும், அதைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. மனம் மாறித் திருப்பும் பொருளுக்கு இந்த விதி பொருந்தாது. அங்கே கடை எழுதிவைத்த நிபந்தனையே நடக்கும். அந்த நிபந்தனையை, அதாவது ரிட்டர்ன் அனுப்பும் செலவு எவ்வளவு, யார் ஏற்பது என்பதை, வாங்குவதற்கு முன்பே தெளிவாகத் தெரியும்படி காட்ட வேண்டும் என்று அதே விதிகள் கடையைக் கட்டாயப்படுத்துகின்றன.

ஆகவே உங்கள் ஆர்டரை ஒரே வழக்காகப் பார்க்காதீர்கள். ஒரே பையில் போனாலும் லைட்டுக்கு ஒரு சட்டநிலை, மழைக்கோட்டுக்கு வேறொரு சட்டநிலை.

லைட்: தண்ணீர் புகுந்ததைவிடப் பெட்டியின் அச்சே வலுவான சான்று

லைட்டைப் பற்றி எழுதும்போது எதை முன்னால் வைக்க வேண்டும் என்பதில் கவனமாக இருங்கள். 'கடலில் அலை அடித்துத் தண்ணீர் புகுந்தது' என்று மட்டும் எழுதினால், உப்புத் தண்ணீரில் பயன்படுத்தியது உங்கள் தவறு என்று கடைக்காரர் பதில் எழுத இடமிருக்கிறது. அதில் ஓரளவு நியாயமும் உண்டு, ஏனெனில் IPX என்று தொடங்கும் அந்தத் தரக்குறியீட்டுக்கான சோதனைகள் நல்ல தண்ணீரில் நடப்பவை. IPX7 என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் மூழ்கியிருந்தாலும் கேடு செய்யுமளவு தண்ணீர் உள்ளே போகக் கூடாது என்று பொருள். IPX4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும் என்று மட்டுமே பொருள். படகின் முனையில் நின்று வலை இழுக்கும் ஒருவரின் நெற்றியில் அடிக்கும் அலை, தெறிப்புக்கும் மூழ்குதலுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்று நுகர்வோர் ஆணையத்தில் வாதாடுவது வீண் வேலை.

அதற்குத் தேவையும் இல்லை. கடையின் பக்கத்தில் IPX7; கைக்கு வந்த பெட்டியில் IPX4. சட்டத்தில் 'குறைபாடு' என்பதற்குத் தரப்பட்ட பொருளில், வணிகர் எந்த வகையிலேனும் உரிமை கோரிச் சொன்ன தரத்தில் இருக்கும் குறையும் அடங்கும். லைட் எரிகிறதா, நனைந்ததா, யார் நனைத்தார்கள் என்ற கேள்விகள் எழுவதற்கு முன்பே, சொன்னது ஒன்று கொடுத்தது ஒன்று என்பது எழுத்தில் நிற்கிறது. உங்கள் மகள் எடுத்த அந்தப் படம்தான் இந்த வழக்கின் உயிர்.

அதோடு சேர்க்க வேண்டியது விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட். இன்றே எடுங்கள், புகார் போன பிறகு அந்த வரி திருத்தப்பட வாய்ப்புண்டு. ஒருவேளை ஏற்கெனவே மாற்றியிருந்தால், ஆர்டரை உறுதிப்படுத்தி உங்களுக்கு வந்த மின்னஞ்சலையும் பில்லையும் பாருங்கள். பொருளின் பெயரோடு IPX7 என்பதும் அதில் பெரும்பாலும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும், அதை யாரும் பின்னால் மாற்ற முடியாது.

இனி திருப்பி அனுப்பும் கட்டணம். குறையுள்ள பொருளைத் திருப்பும் செலவை விற்பவர்தான் ஏற்க வேண்டும் என்று அதே சொற்களில் ஒரு வரி விதிகளில் இல்லை. ஆனால் 1,450 ரூபாயைத் திருப்பித் தர மறுக்கக் கூடாது என்று விதி சொல்லும்போது, அதிலிருந்து 150 ரூபாயைக் கழித்து 1,300 தருவது அந்த அளவுக்கு மறுப்பதே ஆகும். பொருளின் விலையைத் திருப்பித் தரவும், விற்பவரின் கவனக்குறைவால் உங்களுக்கு நேர்ந்த இழப்பை ஈடுசெய்யவும் ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. அந்த 150 உங்களுக்கு உரியது.

காரணப் பெட்டியில் அழுத்தியதன் விளைவு

உங்களுக்குப் பணம் குறைந்ததற்கு நேரடிக் காரணம் கடையின் பேராசை என்று சொல்வதற்கில்லை. நீங்கள் 'Changed my mind' என்பதை அழுத்தியவுடன், கட்டணம் வாங்குபவரின் தலையில் என்று கணினி முடிவு செய்துவிடுகிறது. பொருள் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்ததும் யாரும் உங்கள் கதையைப் படிக்காமலேயே 150 கழிந்து பணம் வந்துவிடும். 'விவரித்தபடி இல்லை' என்றோ 'பழுது' என்றோ தேர்ந்திருந்தால், லைட்டை எடுத்துப் பார்க்கச் சொல்லி ஒருவரிடம் அது போயிருக்கும். இரண்டு நாள் கூடுதலாகியிருக்கும், 150 மிஞ்சியிருக்கும்.

தவறான காரணத்தை அழுத்தியதால் உங்கள் உரிமை போய்விடவில்லை. பொருள் சொன்னபடி இல்லை என்ற உண்மை, நீங்கள் எதை அழுத்தினீர்கள் என்பதால் மாறாது. ஆனால் அதை மறைக்காதீர்கள். 'அவசரத்தில் தவறான காரணத்தைத் தேர்ந்துவிட்டேன், சரியான காரணம் இது' என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். அதே மூச்சில், மழைக்கோட்டுக்கும் ஏதாவது பழுது சொல்லிப் பார்க்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பிரிக்காத மழைக்கோட்டு அவர்கள் கிடங்கில்தான் இருக்கிறது. அதில் பழுது இல்லை என்று அவர்கள் ஒரு படம் எடுத்துப் போட்டால், லைட்டைப் பற்றிய உங்கள் சொல்லும் சேர்ந்து நிறம் மாறிவிடும்.

மழைக்கோட்டு: 150 ரூபாயை விட்டுவிடுங்கள், ஒரு நிபந்தனையோடு

நிறம் பிடிக்காமல் போனது விற்பவரின் தவறு அல்ல. பக்கத்தில் காட்டிய நிறமே வந்திருக்கிறது என்று உங்கள் கடிதத்திலிருந்து நான் புரிந்துகொள்கிறேன். கொரியர் நிறுவனம் போகும்போது ஒரு முறையும் திரும்பும்போது ஒரு முறையும் எடைக்கு ஏற்ப விற்பவரிடம் கூலி வாங்குகிறது. கீழக்கரையில் ஓலைப்பெட்டி செய்து இணையத்தில் விற்கும் ஒருவர் என்னிடம் இதே கேள்வியை எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறார்: முந்நூறு ரூபாய்ப் பெட்டி மனம் மாறித் திரும்பி வந்தால் அவருக்கு மிஞ்சுவது நட்டம் மட்டும்தான். மனம் மாறியவர் திரும்பும் கூலியை ஏற்பதில் அநியாயம் எதுவும் இல்லை.

நிபந்தனை இதுதான்: அந்த 150 ரூபாய் நீங்கள் வாங்குவதற்கு முன்பே உங்களுக்குக் காட்டப்பட்டிருக்க வேண்டும். கடையின் ரிட்டர்ன் விதிமுறைப் பக்கத்தைத் திறந்து, தொகை எழுதப்பட்டிருக்கிறதா, பொருள் ஒன்றுக்கு 150 என்கிறதா அல்லது ஒரு முறை எடுத்துப்போவதற்கு 150 என்கிறதா என்று பாருங்கள். 'கட்டணம் பிடிக்கப்படலாம்' என்று மட்டும் எழுதிவிட்டு, ரிட்டர்ன் போடும்போதுதான் 150 என்ற எண்ணைக் காட்டினார்கள் என்றால், அது தெளிவாகத் தெரிவித்ததாகாது. அப்போது மழைக்கோட்டின் 150-ஐயும் சேர்த்து மொத்தம் 350-ஐக் கேட்க உங்களுக்கு நல்ல வாதம் இருக்கிறது. தொகை தெளிவாக இருந்தால் 740 சரியான தொகையே.

வங்கிச் செய்தி சொல்லாமல் விட்ட 80 ரூபாய்

உங்களுக்கு வந்த இரண்டு வரவையும் இப்போது பிரித்துப் பாருங்கள். 1,450-இல் 150 போக 1,300. 890-இல் 150 போக 740. இரண்டும் சேர்ந்து 2,040. பொருள்களின் விலை 2,340, அதில் கழித்த கட்டணம் 300. நீங்கள் கட்டியதோ 2,420. எந்தக் குறுஞ்செய்தியிலும் பெயர் சொல்லாமல் மறைந்துபோன 80 ரூபாய் ஆரம்ப டெலிவரி கட்டணம். வங்கி கைக்கு வந்த தொகையை மட்டும் சொல்லும்; எது ஏன் கழிந்தது என்று அதற்குத் தெரியாது. கழிவின் கதை கடையின் ஆர்டர் பக்கத்தில், ரீஃபண்ட் விவரம் என்ற இடத்தில் இருக்க வேண்டும். சில கடைகள் அங்கே 'Return shipping fee' என்று தனி வரியாக, கழித்தல் குறியோடு காட்டும். சில கடைகள் பொருளின் விலையிலேயே குறைத்து நிகரத் தொகையை மட்டும் காட்டும். ஆரம்ப டெலிவரி கட்டணம் பெரும்பாலும் கழிவாகவே தெரியாது. அது திரும்பும் தொகைகளின் பட்டியலில் இடம்பெறாமல் இருக்கும், அவ்வளவுதான். அதனால்தான் பலரும் திரும்பும் கட்டணத்தையும் டெலிவரி கட்டணத்தையும் ஒன்றாகக் குழப்பி, நீங்கள் எழுதியதுபோல் ஒரே தொகையாகக் கேட்கிறார்கள்.

அந்த 80-ஐ என்ன செய்வது? ஆர்டரில் லைட் மட்டும் இருந்திருந்தால் 80-ஐயும் தயங்காமல் கேட்கச் சொல்வேன், ஏனெனில் தவறான பொருளைக் கொண்டுவந்து சேர்த்ததற்கு நீங்கள் கூலி கொடுக்க வேண்டியதில்லை. மழைக்கோட்டு மட்டும் இருந்திருந்தால் கேட்க வழியில்லை. அதைச் சரியாகக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். இரண்டும் ஒரே பார்சலில் வந்தபோது எப்படிப் பிரிப்பது என்று விதிகள் சொல்லவில்லை. விலை விகிதத்தில் பிரிப்பதே நியாயம் என்பது என் கருத்து: 2,340-இல் லைட்டின் பங்கு 1,450, அப்படியானால் 80-இல் அதன் பங்கு 49 ரூபாய் 57 காசு. மழைக்கோட்டை மட்டும் வாங்கியிருந்தாலும் 80 கட்டியிருப்பீர்களே என்று கடை பதில் சொல்லலாம். அதையும் முழுக்கத் தவறென்று தள்ள முடியாது. ஆகவே இந்த ஐம்பது ரூபாயைக் கோரிக்கையில் வையுங்கள், ஆனால் 150 திரும்பி வந்து இது மட்டும் வராமல் போனால் அதற்காகச் சண்டையை நீட்டாதீர்கள்.

எழுத வேண்டியதும் போக வேண்டிய வழியும்

வாடிக்கையாளர் சேவைக்குத் தொலைபேசியில் பேசுவதோடு நிறுத்தாமல், கடையின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அவருடைய பெயரையும் தொடர்பு விவரத்தையும் இணையதளத்தில் காட்டுவது கட்டாயம். பக்கத்தின் அடியில் இருக்கும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இப்படி எழுதினால் போதும்:

"ஆர்டர் எண் இன்னது. இதில் இருந்த லைட்டைத் திருப்பியபோது அவசரத்தில் தவறான காரணத்தைத் தேர்ந்துவிட்டேன். உங்கள் விற்பனைப் பக்கத்தில் IPX7 என்றும், எனக்கு வந்த பெட்டியில் IPX4 என்றும் இருக்கிறது. இரண்டின் படங்களையும் இணைத்திருக்கிறேன். ரிட்டர்ன் காரணத்தைத் திருத்தி, லைட்டுக்குக் கழித்த 150 ரூபாயையும், டெலிவரி கட்டணத்தில் லைட்டின் பங்கான 49.57 ரூபாயையும் நான் பணம் கட்டிய யுபிஐ கணக்குக்கே அனுப்புங்கள். முதலில் அனுப்பிய 1,300, 740 ரூபாய்களில் எதற்கு எவ்வளவு கழித்தீர்கள் என்ற விவரத்தையும் எழுத்தில் தாருங்கள். மழைக்கோட்டை நான் மனம் மாறித் திருப்பினேன்."

கடைசி வரியை விட்டுவிடலாமே என்று தோன்றலாம், விடாதீர்கள். அதைப் படிக்கிறவர் நீங்கள் எல்லாவற்றையும் கேட்கவில்லை, உரியதை மட்டும் கேட்கிறீர்கள் என்று அந்த வரியால்தான் உணர்வார்.

ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதியுங்கள், தமிழில் பேசலாம். அதன் பிறகும் அசையவில்லை என்றால் இராமநாதபுரத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். கடை டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடர சட்டம் இடம் தருகிறது, இந்த அளவுத் தொகைக்கு மனுக் கட்டணமும் கிடையாது, காலவரம்பு இரண்டு ஆண்டு. ஆனாலும் 200 ரூபாய்க்காகத் தொழில் நாளை விட்டுவிட்டு இராமநாதபுரத்துக்கு நடப்பதை நான் ஊக்குவிக்க மாட்டேன். படங்களோடு நிற்கும் புகார் பெரும்பாலும் 1915 வரையில் போவதற்குள் முடிந்துவிடும்.

உங்கள் பகுதியில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. தீவுப் பக்கத்திலும் கடலோரக் கிராமங்களிலும் சில கடைகள், 'உங்கள் பின்கோடுக்கு வந்து எடுக்கும் வசதி இல்லை, நீங்களே அனுப்புங்கள்' என்று சொல்லிவிடும். பொருள் பழுதென்றால், பார்சலை அஞ்சலகத்துக்குக் கொண்டுபோவதற்கு முன்பே, அஞ்சல் செலவை முழுதாகத் தருவீர்களா, உச்ச வரம்பு வைத்திருக்கிறீர்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எடையும் தொகையும் தெரியும்படி ரசீதைப் படம் எடுத்து வையுங்கள். ரசீதின் மை நாளடைவில் மங்கிவிடக்கூடும். அந்தச் செலவு பெரும்பாலும் பொருளின் விலையோடு சேர்ந்து வராது, தனி வரவாகத்தான் வரும், அதனால் விலை வந்த உடனே கணக்கு முடிந்ததென்று எண்ணிவிடாதீர்கள்.

உங்கள் பணமும் அப்படித்தான் தனியாக வரும். கடையிலிருந்து 'திருப்பிவிட்டோம்' என்று பதில் வந்தால், அதற்குரிய யுபிஐ பரிவர்த்தனை எண்ணைக் கேளுங்கள். பன்னிரண்டு இலக்கத்தில் இருக்கும். வங்கிக் கணக்கில் அந்த எண்ணோடு ஒரு வரவு இருக்கிறதா என்று பார்த்த பிறகே புகாரை முடித்துக்கொள்ளச் சம்மதியுங்கள்.

அன்புடன்,
உங்கள் வழக்கறிஞர்